அம்புக்குறி எந்தப் பக்கம்

எங்கள் டீமில் இரண்டு பேரை யாராலும் வேலையை விட்டு அனுப்ப முடியாது என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருந்தது. அவர்கள் பெரிய மேதைகள் என்பதால் அல்ல. அவர்கள் எழுதி வைத்திருந்த கோட் அந்த லட்சணம். ஒருவர் கிதியோன். இன்னொருத்தி ப்ரியம்வதா. நான் ஜலஜா, டெஸ்டர். இவர்கள் எழுதுவதை உடைத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அதனால் இவர்கள் எங்கெங்கே உடைவார்கள் என்பதும் எனக்கு ஓரளவு தெரியும்.

கச்சிபௌலியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, பட்டான்செருவில் இருக்கும் மருந்து ஃபாக்டரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். மாத்திரையை பேட்ச் பேட்சாகத்தான் தயாரிப்பார்கள். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து லேபில் சோதிப்பார்கள். தேறினால் லாரியில் ஏறும், தேறாவிட்டால் ஏறக் கூடாது. எங்கள் சாஃப்ட்வேரும் இந்தக் கதையைத்தான் சொல்லும். அதில் முக்கியமான கிளாஸ்கள் இரண்டு. கிளாஸ் என்றால் ஒரு வேலைக்கான கோட் வரிகளையெல்லாம் ஒரே இடத்தில் கட்டி வைத்த பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பேட்ச்' என்ற கிளாஸ் ப்ரியம்வதாவுடையது. 'லேப்டெஸ்ட்' என்ற கிளாஸ் கிதியோனுடையது.

இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. வெளியே போகலாமா என்று பேட்ச் போய் லேப்டெஸ்ட்டைக் கேட்கும். நீ எந்த நிலையில் இருக்கிறாய், உன்னில் என்ன மூலப்பொருள் என்று லேப்டெஸ்ட் திரும்ப பேட்சைக் கேட்கும். சோதனை தேறாவிட்டால் லேப்டெஸ்ட்டே பேட்சுக்குள் கையை விட்டு 'நிறுத்து' என்று மாற்றும். மாறினால் பேட்ச் உடனே லேப்டெஸ்ட்டைக் கூப்பிட்டுச் சொல்லும். இப்படி ஒரு வட்டம்.

என் பிழைப்பு நாறியது இதனால்தான். பேட்சை மட்டும் தனியாகச் சோதிக்கலாம் என்று உட்கார்ந்தால், அதை உருவாக்க ஒரு லேப்டெஸ்ட் வேண்டும். லேப்டெஸ்ட்டை உருவாக்க ஒரு பேட்ச் வேண்டும். ஒரு சின்ன விதி சரியா தப்பா என்று பார்க்க மொத்த சாஃப்ட்வேரையும் டேட்டாபேஸோடு தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. ஒருமுறை லேப் ரிப்போர்ட்டில் தேதியை வேறு மாதிரி காட்டச் சொல்லி ஃபாக்டரியில் கேட்டார்கள். தேதிதான், வேறொன்றுமில்லை. ஆனால் லேப்டெஸ்ட்டைத் தொட்டால் பேட்சையும் தொட்ட மாதிரி. மருந்துத் தொழிலில் மாறின சாஃப்ட்வேரையெல்லாம் மறுபடி சோதித்து, எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தேதிக்காக இரண்டு கிளாஸுக்கும் மறுபடி வேலிடேஷன் செய்து எனக்கு முதுகு ஒடிந்தது.

ஆனால் அந்த வட்டம்தான் இரண்டு பேருக்கும் சோறு போட்டது. பேட்சில் கை வைக்க லேப்டெஸ்ட் தெரிந்த ஆள் வேண்டும், லேப்டெஸ்ட்டில் கை வைக்க பேட்ச் தெரிந்த ஆள் வேண்டும். ஒருவரை அனுப்பினால் இன்னொருவரின் கோட்டும் ஊமையாகிவிடும். டீமில் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும் என்று மேலிருந்து வாசுவுக்கு உத்தரவு வந்தது எல்லோருக்கும் தெரியும். வாசு எங்கள் டெலிவரி ஹெட், திருச்சிக்காரர். சிரித்துக்கொண்டே பேசுவார், அதனால் பலர் அவரை நல்லவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் கண் இந்த இரண்டு பேர் மேலும் விழுந்து விழுந்து திரும்பிக்கொண்டிருந்தது. வட்டம் இருக்கும்வரை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ப்ரியம்வதாவுக்கு முப்பத்தெட்டு வயது, நல்ல வாய். ஏ.எஸ்.ராவ் நகரில் வளர்ந்தவள், எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரி எஞ்சினியரின் மகள். வெளியே போனாலும் எங்காவது ஒட்டிக்கொள்வாள். கிதியோன் ஐம்பதைத் தொடப் போகிறவர். அவருடைய குடும்பம் திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் வந்து மூன்று தலைமுறை ஆகிறது. மகள் எமி எஞ்சினியரிங் சேர்ந்து முதல் வருஷம். இந்த ஊரில் அந்த வயதில் கோட் எழுதுகிறவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால், எதிரே உட்காருகிற பையன் 'அங்கிள்' என்று நினைத்துக்கொண்டேதான் கேள்வி கேட்பான். இந்த வேலை போனால் கிதியோனுக்கு வேறு வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாசுவுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் கோடையில் ஒரு ஃபாக்டரியில் விஷயம் வெடித்தது. முதல் சோதனையில் தேறி 'அனுப்பலாம்' என்று இருந்த ஒரு பேட்சை மறுபடி சோதித்தார்கள். மாத்திரை கரைய வேண்டிய நேரத்தில் கரையவில்லை. லேபில் 'தேறவில்லை' என்று போட்டுவிட்டார்கள். ஆனால் ஸ்க்ரீனில் பேட்ச் பச்சையாகவே நின்றது. லாரியில் ஏற்றியும் விட்டார்கள். அங்கிருந்த தர மேலாளர் சந்தேகப்பட்டு ஃபோன் செய்து ஃபாக்டரி கேட்டை மூட வைத்ததால் தப்பித்தோம்.

காரணத்தைத் தோண்டி எடுத்தது நான்தான். லேப்டெஸ்ட் பேட்சை நிறுத்தும், பேட்ச் லேப்டெஸ்ட்டைக் கூப்பிடும், லேப்டெஸ்ட் மறுபடி நிறுத்தும். இப்படிச் சுற்றிச் சுற்றி ஒருகாலத்தில் சாஃப்ட்வேரே விழுந்திருக்கிறது. அதைத் தடுக்க பேட்சுக்குள் ப்ரியம்வதா ஒரு கொடி வைத்திருந்தாள். 'ஏற்கெனவே உள்ளே இருக்கிறேன்' என்று கொடி சொன்னால், வந்த கட்டளையைக் கண்டுகொள்ளாமல் திரும்பிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கொடி இறங்கும். அன்றைக்கு நடுவில் லேப் மெஷின் ஒரு காலி ஃபைலை அனுப்பியது, லேப்டெஸ்ட் பாதியில் தடுக்கி விழுந்தது, ஏறின கொடி இறங்கவேயில்லை. அதன்பின் வந்த 'நிறுத்து' கட்டளை எதையும் பேட்ச் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மீட்டிங்கில் தப்பு யாருடையது என்று வாசு கேட்டார். தடுக்கி விழுந்தது லேப்டெஸ்ட் என்றாள் ப்ரியம்வதா. கொடியை இறக்காதது பேட்ச் என்றார் கிதியோன். இரண்டும் உண்மை. வட்டத்தில் அதுதான் வசதி, எந்த இடத்தில் நின்றாலும் தப்பு அடுத்த வீட்டில் இருக்கும். வாசு சிரித்தார். பெரிதாக எதுவும் செய்ய வேண்டாமே, ஒன்று மற்றதை நேராக வைத்துக்கொள்ளாமல், தேவைப்படும்போது பெயரைச் சொல்லித் தேடி எடுத்துக்கொள்ளும்படி மாற்றினால் போதாதா என்று கேட்டார்.

கிதியோனுக்கு முகம் சிவந்துவிட்டது. அது வட்டத்தை உடைப்பது அல்ல, ஓட்டுவதற்கு முன்பே கோட் தப்பைப் பிடிக்கிற கம்பைலரின் கண்ணிலிருந்து மறைப்பது என்றார். மறைத்தபிறகு கம்பைல் செய்யும்போது தெரிய வேண்டியது ஃபாக்டரியில் லாரி ஏறும்போதுதான் தெரியும். உடைப்பதானால் ஒழுங்காக உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது என்றார்.

அப்படியென்றால் நீங்களே உடையுங்கள் என்றார் வாசு. அவர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ப்ரியம்வதா உடனே, டிசைன் விஷயத்தில் கிதியோனை மிஞ்ச இங்கே ஆளில்லை, என் கிளாஸில் எங்கே வேண்டுமானாலும் கை வைக்கட்டும் என்று சொன்னாள். அவள் யாரையும் புகழ்ந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கிதியோன் போர்டில் வரைந்ததை நான் இன்றும் அப்படியே சொல்வேன். அந்த மனிதருக்கு அதில்தான் சந்தோஷம். முதலில், இரண்டு கிளாஸும் அடிக்கடி ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்த தகவலையெல்லாம், அதாவது பேட்ச் எண், மருந்தின் பெயர், எந்த நிலை, என்ன மூலப்பொருள் இதையெல்லாம், மூன்றாவதாக ஒரு சின்ன கிளாஸில் போட்டார். அதற்கு யாரையும் தெரியாது, அதை எல்லோருக்கும் தெரியும். பாதி வட்டம் அங்கேயே தளர்ந்தது. அடுத்தது, லேப்டெஸ்ட் இனி பேட்சுக்குள் கையை விடாது. ரிசல்ட் வந்துவிட்டது என்று அறிவிப்பு மட்டும் செய்யும். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்ளட்டும். பேட்ச் கேட்டுத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நிறுத்தியதை லேப்டெஸ்ட்டுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கொடிக்கு வேலையே இல்லாமல் போனது.

கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. பேட்ச் வெளியே போகும்முன் 'போகலாமா?' என்று யாரையாவது கேட்டாக வேண்டும். நேராக லேப்டெஸ்ட்டைக் கேட்டால் பழைய கதைதான். அதற்கு நடுவில் ஒரு இன்டர்ஃபேஸ் வைப்பார்கள். இன்னின்ன கேட்பேன், இன்னின்ன மாதிரி பதில் வர வேண்டும் என்கிற வெறும் ஒப்பந்தம் அது. உள்ளே வேலை எதுவும் இருக்காது. ஒரு பக்கம் ஒப்பந்தத்தை எழுதும், மறு பக்கம் அதை நிறைவேற்றும். எழுதும் பக்கத்துக்கு மற்றவரைத் தெரிய வேண்டியதில்லை. நிறைவேற்றும் பக்கம்தான் எழுதியவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். யார் யாரைப் பார்த்து நிற்கிறார் என்று போர்டில் போடும் அம்பு ஒரே பக்கம் போகும்.

எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம். ஒப்பந்தத்தை எழுதுகிற பக்கம் நிலைத்து நிற்கும். நிறைவேற்றுகிற பக்கத்தைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டலாம். அதற்காகத்தான் இன்டர்ஃபேஸே. டெஸ்டரான எனக்கே இது புரிந்தது என்றால் டீமில் யாருக்குப் புரியாமல் இருந்திருக்கும்?

மத்தியானம் கேன்டீனில் கிதியோனைப் பிடித்தேன். எமி பரீட்சைக்குப் படிக்காமல் ஃபோனில் இருக்கிறாள் என்று புலம்பிக்கொண்டே பிரியாணியில் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணா, இன்டர்ஃபேஸை உங்க பக்கம் வைங்க. லேப்டெஸ்ட்டுக்கு என்ன வேணும்னு நீங்க எழுதுங்க, பேட்ச் வந்து அதுக்கு ஒத்துப்போகட்டும். அப்பவும் வட்டம் உடையும்ல?"

"உடையும்."

"அப்புறம் என்ன?"

"நக்கோம்மா," என்று மறுத்தார். "வெளிய விடலாமா கூடாதான்னு முடிவு பண்ணுதது பேட்ச். லேப் வெறும் பதில் சொல்லுத ஆளு. நாளைக்கு லேப் மாறும், மெஷின் மாறும். மாறுத சாமான்தான் மாறாத சாமானைப் பாத்து நிக்கணும். அம்பைத் திருப்பிப் போட்டா ஓடும், ஆனா அது பொய்."

"அந்த மாறுத சாமான் நீங்கதான் அண்ணா."

அவர் ஆமாம் என்று தலையாட்டிச் சிரித்தார். "ஹவ். அதுக்காக?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்லிப் பிழைக்கிறார்கள், இந்த மனிதர் போர்டில் ஒரு அம்பைத் திருப்பிப் போட மாட்டேன் என்கிறார். யாருக்கும் கெடுதல் இல்லை, எந்த மாத்திரையும் கெட்டுப்போகாது, வட்டமும் உடையும். கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். அந்த அசிங்கத்தைச் சகித்துக்கொள்ள அவரால் முடியவில்லை. வீட்டில் மூன்று ஜீவன் சாப்பிட வேண்டும் என்பதை எப்படியோ சகித்துக்கொண்டார்.

ஒரு மாதத்துக்குமேல் உட்கார்ந்து செய்தார். செய்ததும் அரைகுறையாக இல்லை. ஒப்பந்தத்தை பேட்சின் பக்கத்தில் வைத்தார். அதை நிறைவேற்ற வருகிற யாராக இருந்தாலும் தேற வேண்டிய சோதனைகளை ஒரு கட்டாக எழுதி வைத்தார். காலி ஃபைல் வந்தால் என்ன, பாதியில் விழுந்தால் என்ன, ரிசல்ட் இரண்டு தரம் வந்தால் என்ன என்று ஒன்றையும் விடவில்லை. வட்டம் மறுபடி எங்காவது முளைத்தால் பில்டையே, அதாவது கோட் முழுவதையும் சேர்த்துக் கட்டுகிற வேலையையே, நிறுத்துகிற மாதிரி 'வட்டம் செக்' என்று ஒரு காவல் சோதனையும் போட்டார். பில்டில் அது தனி வரியாக வரும், சரியாக இருந்தால் பச்சை. முதல்முறையாக பேட்சை மட்டும் தனியாக நிறுத்திச் சோதித்தேன். நான் டீ வாங்கி வருவதற்குள் எல்லா விதியும் ஓடி முடிந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியதை மறைக்கப் போவதில்லை. அதுவரை நான் பட்ட பாடு அப்படி.

அடுத்து டெமோ. பெரிய மீட்டிங் ரூம், மேலிடத்து ஆட்கள், பட்டான்செருவிலிருந்து தர மேலாளர் வீடியோவில். முந்தின நாள் ப்ரியம்வதா கிதியோனின் மேசைக்கு வந்து யோசனை ஒன்று சொன்னாள். வந்திருக்கிறவர்களுக்கு அம்பும் இன்டர்ஃபேஸும் புரியாது. அதனால் உங்கள் லேப்டெஸ்ட்டையே அவர்கள் கண்முன் டிலீட் செய்து காட்டுங்கள், அதற்குமேல் விளக்கமே வேண்டாம் என்றாள். கிதியோனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. நல்ல ஐடியா என்று என்னிடமே வந்து சொன்னார்.

அவர் அப்படியே செய்தார். லேப்டெஸ்ட் இருந்த ஃபோல்டரை, அத்தனை வருஷத்து உழைப்பை, எல்லோரும் பார்க்க அழித்தார். அதற்குப் பதில் ஒப்பந்தத்துக்குப் பொருந்துகிற ஒரு பொம்மை லேபை மாட்டினார். சாஃப்ட்வேரைக் கிளப்புகிற இடத்தில் மாற்றியது ஒரே ஒரு வரி. பில்டை ஓட்டினார். பேட்சின் சோதனைகள் எல்லாம் வரிசையாகப் பச்சை. ரூமில் ஒருவர் விசில் அடித்தார்.

வாசு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்போ வேற கம்பெனி லேப் சாஃப்ட்வேரை வாங்கி இதுல மாட்டினா?"

"சோதனைக் கட்டு தேறினா போதும் சார். உள்ள என்ன இருக்குன்னு பேட்ச் கேக்காது."

"லேப்டெஸ்ட் எழுதின ஆள் கூட இருக்கணுமா?"

கிதியோன் நெஞ்சை நிமிர்த்தினார். "வேண்டாம் சார். அதுதான் இந்த டிசைனோட அழகே."

கைதட்டல் எழுந்தது. வாசுதான் முதலில் தட்டினார். ப்ரியம்வதா குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிதியோன் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் மெதுவாக வாசு பக்கம் திரும்பியது. தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அதற்குள் கேக் வந்துவிட்டது. அவரையே வெட்டச் சொன்னார்கள், வெட்டினார்.

வேறொரு கம்பெனியின் ரெடிமேட் லேப் சாஃப்ட்வேருக்கு வாசு அந்த வருஷ ஆரம்பத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அதை மாட்ட இடமில்லாமல்தான் நின்றிருந்தது. இடத்தைச் சுத்தமாக அளந்து, ஓரமெல்லாம் தேய்த்து, சோதனைக் கட்டோடு கிதியோன் செய்து கொடுத்துவிட்டார். அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் ஒரு வாரத்தில் மாட்டிவிட்டார்கள். காலி ஃபைல் சோதனையில் முதலில் தவறினார்கள். கிதியோனே உட்கார்ந்து அவர்களுக்கு அதைச் சரிசெய்து கொடுத்தார். தன் குழியின் ஓரத்தைத் தட்டிச் சீராக்குவதற்கும் அந்த மனிதருக்குப் பொறுமை இருந்தது.

எச்.ஆர். பெண்ணோடு வாசு அவரை உள்ளே கூப்பிட்டது ஒரு வெள்ளிக்கிழமை. திரும்பி வந்தவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேலையை ஒப்படைக்க மூன்று மாதம் வேண்டும் என்று கேட்டாராம். அந்த மூன்று மாதத்தில் வேறு ஏதாவது தேடிக்கொள்ளலாம் என்று பார்த்திருக்கிறார். ஆள் வேண்டாம் என்று டெமோவில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாராம் வாசு, சிரித்துக்கொண்டே. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன் என்றார் கிதியோன். சொன்னது உண்மையாயிற்றே.

பாதியில் விட்டிருந்த ஒரு சோதனையை முடிக்கலாம் என்று தன் லேப்டாப்பைத் திறந்தார். பாஸ்வேர்டை அது ஏற்கவில்லை. மறுபடி அடித்தார். அதற்குள் அவர் பெயரையே எடுத்துவிட்டிருந்தார்கள். லேப்டாப்பை மூடி, துணியால் துடைத்து, என் மேசையில் வைத்தார்.

"வட்டம் செக்கை மட்டும் பாத்துக்கம்மா," என்றார். "அதை யாரும் அணைச்சிரக் கூடாது. அது இருக்கவரைக்கும் இது கெடாது."

சரி அண்ணா என்றேன். வேறு என்ன சொல்ல? செக்யூரிட்டி ஆள் ஒருவன் அவரை லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டான், ஏதோ திருடனை அனுப்புகிற மாதிரி.

ப்ரியம்வதா ஜெயித்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவளும் நினைத்தாள், வாசு அடுத்த மீட்டிங்கில் பேசும்வரை. பேட்ச் இப்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அவர் புகழ்ந்தார். யாரையும் நம்பி நிற்கவில்லை, யார் வேண்டுமானாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம், ஆகையால் அடுத்த வருஷம் அதை விஜயவாடாவில் இருக்கும் புது டீமுக்கு மாற்றலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்களாம். ப்ரியம்வதாவின் கையில் இருந்த பேனா நின்றது. கிதியோன் தன்னை மட்டுமா சுத்தமாக்கினார், அவளையும் சேர்த்தல்லவா சுத்தமாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அவள் பயந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது.

ஆனால் அவள் கிதியோன் இல்லை. மறுவாரமே பேட்ச் ஸ்க்ரீனில் லேப் மெஷின் பெயர் காட்ட வேண்டும் என்று ஃபாக்டரி அவசரமாகக் கேட்டது. ஒழுங்கான வழி, ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாகச் சேர்ப்பது. அவள் ஒப்பந்தத்தைத் தாண்டிப் போய், புது லேப் சாஃப்ட்வேரை இணைக்கும் கிளாஸையே பேட்சுக்குள் நேராக இழுத்துக்கொண்டாள். அந்தக் கிளாஸ் ஏற்கெனவே பேட்சின் ஒப்பந்தத்தைப் பார்த்து நிற்பது. வட்டம் மூடிக்கொண்டது. கிதியோனின் காவல் சோதனை உடனே சிவப்பாகி பில்டை நிறுத்தியது.

அவள் அந்தச் சோதனையையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். தற்காலிகம் என்று குறிப்பும் எழுதினாள். ஃபாக்டரி காத்திருந்ததால் வாசு படித்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தார். அதன்பின் வாரம் ஒரு இழை, வாரம் ஒரு முடிச்சு. மழைக்காலம் முடிவதற்குள் பேட்சைத் தொட மறுபடி ப்ரியம்வதாதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. விஜயவாடா பிள்ளைகள் வந்து ஒரு வாரம் பார்த்துவிட்டு, புரியவில்லை என்று திரும்பிப் போனார்கள். நான் மறுபடி ஒரு சின்ன விதிக்காக மொத்தத்தையும் தூக்கி நிறுத்த ஆரம்பித்தேன்.

ஒருநாள் பொறுக்காமல் அவளிடம் கேட்டே விட்டேன். இதை உடைக்க ஒருவர் எவ்வளவு பாடுபட்டார் என்று தெரிந்தும் இப்படிச் செய்கிறாயே என்றேன். அவள் கோபப்படவில்லை.

"கிதியோன் உடைச்சார்," என்றாள். "இப்ப எங்க இருக்கார்?"

எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். செகந்திராபாத்தில் வீட்டில் இருக்கிறார். இன்டர்வியூவுக்குப் போகிறார், வருகிறார். எமி பார்ட்-டைமாக எங்கோ போகிறாள் என்று கேள்விப்பட்டேன். ப்ரியம்வதா கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் அவளை மனதார வெறுத்தேன். வேறு செய்ய என்ன இருக்கிறது?

டிசம்பரில் ஒரு காலை கிதியோன் ஃபோன் செய்தார். வேலைக்குச் சிபாரிசு கேட்பார் என்று நினைத்து, என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டேதான் எடுத்தேன். அவர் கேட்கவில்லை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் வேலை, எமிக்கு ஜலதோஷம் என்று கொஞ்சம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, கேட்கலாமா கூடாதா என்பது போலக் கேட்டார்.

"வட்டம் செக் பச்சையா இருக்காம்மா?"

என் எதிரே பில்ட் ஸ்க்ரீன் திறந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை வரிக்கு வரி பச்சை. அவருடைய சோதனை அந்தப் பட்டியலிலேயே இல்லை. இல்லாத சோதனை எப்படிச் சிவப்பாகும்?

"எல்லாம் பச்சைதான் அண்ணா," என்றேன்.

அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது கேட்டது. "அப்ப சரிம்மா," என்றார். "போனாலும் ஒழுங்காத்தான் செஞ்சிட்டுப் போயிருக்கேன். ராத்திரி தூக்கம் வரலைன்னா அதைத்தான் நெனச்சுக்குவேன்."

எதிர் மேசையிலிருந்து ப்ரியம்வதா யார் என்று சைகையில் கேட்டாள். ராங் நம்பர் என்று சைகை காட்டினேன்.